மூன்று சதவீதம் என்றால் பழுதா?

கேள்வி: கணவரின் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் அளவு 2 மி.லி., ஒரு மி.லி.யில் 2.2 கோடி அணுக்கள், முன்னோக்கி நீந்துபவை 32%, இயல்பான வடிவம் 3%. மீதி 97 சதவீதமும் பழுதா, டாக்டர்?

பதில்: இல்லைம்மா. வடிவத்தை மிகக் கறாராகப் பார்ப்பார்கள். தலை சற்றே ஒடுங்கியிருந்தாலும் கழித்துவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் எல்லையே 4% தான். 3% வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது.

எண்ணிக்கையை அளவோடு பெருக்குங்கள்: 4.4 கோடி. கீழ் எல்லை 3.9 கோடி. நின்ற இடத்திலேயே துடிப்பவை கருமுட்டையை எட்டாது. முன்னோக்கி நீந்துபவையே முக்கியம். அதற்கு எல்லை 30%. இவருக்கு 32%, அதாவது சுமார் 1.4 கோடி அணுக்கள் முன்னோக்கி நீந்துகின்றன. மொத்த எண்ணிக்கை, நீந்தும் சதவீதம் இரண்டும் எல்லையை ஒட்டியே இருப்பதால், ஒரே ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம். அண்மையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். புது அணுக்கள் உருவாக அவ்வளவு காலம் பிடிக்கும்.