பழசுக்கு ஒரே நிறம் கிடையாது

ஸ்ரீரங்கத்தில் ஒரு காபித்தூள் கடை விளம்பரம் என்று வைத்துக்கொள்வோம். 1983-ல் எடுத்த குடும்ப ஆல்பப் படம் போலத் தெரிய வேண்டும் என்பது கடைக்காரரின் ஆசை. டிசைனரிடம் அவர் சொல்லி அனுப்புவது, “பழைய லுக், கிரெயின், மேட் பினிஷ்” என்ற மூன்றே குறிப்புகள். வருவது பெரும்பாலும் மண் பூசியதுபோல் ஒரு படம். இந்தச் சொற்களைச் சுற்றியுள்ள தவறான நம்பிக்கைகளே அதற்குக் காரணம்.

நம்பிக்கை: பழைய கலர் படம் என்றால் முழுக்க மஞ்சள் பூசினால் போதும்.

உண்மை: கலர் பிரிண்டில் சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள் உண்டு. அந்தக் காலத்துப் பிரிண்டுகள் ஆல்பத்துக்குள் இருட்டில் கிடக்கும்போது, பெரும்பாலும் முதலில் மங்குவது சயான். கருமையான இடங்களில்தான் சாயம் அதிகம் என்பதால் இழப்பும் அங்கேதான் கண்ணில் படும். கருங்கூந்தல் செம்பழுப்பாகிவிடும். சாயம் குறைவாக உள்ள வெள்ளை இடங்களில் காகிதத்தின் மஞ்சள் கறை தெரியும். வேட்டியும் படத்தின் வெள்ளைக் கரையும் மஞ்சளிப்பது அதனால்தான். நிழலில் சிவப்பு, வெளிச்சத்தில் மஞ்சள் என்று இரண்டையும் தனித்தனியே தர வேண்டும். ஒரே வண்ணத்தை மேலே பரப்பினால் இந்த வேறுபாடு அழிந்துபோகும்.

வெயிலில் ஒட்டிய அச்சுப் போஸ்டரின் கதையே வேறு. அங்கே மஞ்சள், மெஜந்தா மைகள் முதலில் போய்விடும். சயானும் கறுப்பும் தங்கும். அதனால்தான் பழைய போஸ்டர் நீலம் பாரிக்கிறது. ஆல்பப் படத்துக்குப் போஸ்டரின் நீலத்தைக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும்.

நம்பிக்கை: கிரெயின் எவ்வளவு தூக்கலோ, படம் அவ்வளவு பழசு.

உண்மை: கிரெயினுக்கும் வயதுக்கும் தொடர்பில்லை. அதைத் தீர்மானிப்பவை பிலிமின் வேகமும், நெகட்டிவை எத்தனை மடங்கு பெரிதாக்கினார்கள் என்பதும்தான். 35 மி.மீ. நெகட்டிவிலிருந்து போஸ்ட்கார்டு அளவுப் படம் எடுக்க ஏறத்தாழ நான்கு மடங்கு பெருக்கினால் போதும். பகல் வெளிச்சத்தில் ஏஎஸ்ஏ 100 பிலிமில் எடுத்திருந்தால் அதில் கிரெயின் தெரிவதே அரிது. 120 பிலிமில் எடுத்த ஸ்டூடியோ படத்தில் அதுவும் இராது. வைகுண்ட ஏகாதசி இரவில் 400 பிலிமில் எடுத்து, அதன் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கினால் கிரெயின் நன்றாகவே தெரியும்.

கிரெயின் விழும் விதத்தையும் கவனிக்க வேண்டும். நெகட்டிவிலிருந்து எடுத்த பிரிண்டில் முகம், சுவர் போன்ற நடுத்தர வெளிச்சத்தில் அது தெளிவாகத் தெரியும். ஆழ்ந்த கருமையிலும் பளிச்சென்ற வெள்ளையிலும் அடங்கிவிடும். எங்கும் ஒரே அளவில் தூவியிருந்தால் டிஜிட்டல் வேலை என்று காட்டிக்கொடுத்துவிடும். படத்தை இறுதி அளவுக்குக் குறைத்த பிறகே கிரெயின் சேர்க்கச் சொல்லுங்கள். முன்பே சேர்த்தால், குறைக்கும்போது கரைந்துவிடும். சாலையோரப் பெரிய பிளெக்ஸில் நுண்ணிய கிரெயின் தூரத்திலிருந்து தெரியாது. முரடானதோ அழுக்காகத் தோன்றும்.

நம்பிக்கை: மேட் என்று சொன்னால் எல்லாருக்கும் ஒரே பொருள்தான்.

உண்மை: டிசைனருக்கு மேட் என்றால் கறுப்பை வெளுக்க வைப்பது: 0-வில் நிற்க வேண்டிய கருமையை 20, 25 அளவுக்கு உயர்த்துவது. பிரஸ்காரருக்கு அது பளபளப்பில்லாத காகிதம் அல்லது மேட் லேமினேஷன். இருவரும் அவரவர் வேலையைச் செய்துவிட்டால் கறுப்பு இரண்டு முறை வெளுக்கும். படத்தில் கூந்தல் சாம்பலாகிவிடும். டபராவின் பித்தளைப் பளபளப்பும் போய்விடும். கருமையைக் குறைக்கும்படி இருவரில் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். மேட் காகிதத்தில் அச்சிடுவதானால் பைலில் கறுப்பை முழுமையாக விட்டுவிடுவதே நல்லது.

நம்பிக்கை: வண்ணம் மங்கினால் காலம் தானாக வந்துவிடும்.

உண்மை: நம் 1983 படத்தின் பின்னணியில் 13 நிலைகளும் நிறைந்த தெற்கு ராஜகோபுரம் நின்றால், ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். 236 அடி ராஜகோபுரம் கும்பாபிஷேகம் கண்டது 1987 மார்ச் 25-ல். அதற்கு முன் நெடுங்காலம் அது மொட்டைக் கோபுரமாக நின்றது. இந்தப் படத்துக்கு வெள்ளைக் கோபுரம்தான் பொருத்தம். எந்த நிறச் சாயலும் இந்தப் பிழையை மறைக்காது.

டிசைனருக்கு “பழைய லுக்” என்பதற்குப் பதிலாக இப்படி எழுதிக் கொடுங்கள்: “1983-ல் பகலில் எடுத்து, ஆல்பத்தில் இருட்டில் இருந்த போஸ்ட்கார்டு அளவுக் கலர் பிரிண்ட். கருமையில் செம்பழுப்பு, வெள்ளையில் இளமஞ்சள், கரையிலும் அதே மஞ்சள். கிரெயின் மிக மெல்லியதாக, முகத்திலும் சுவரிலும் மட்டும். பைலில் கறுப்பை வெளுக்க வேண்டாம். மேட் லேமினேஷன் பிரஸ்ஸில். பின்னணியில் வெள்ளைக் கோபுரம்.” படம் வந்ததும் கூந்தலையும் வேட்டியையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே சாயல் இருந்தால் வேலையைத் திருப்பி அனுப்புங்கள்.