நோன்பு நாளில் தைராய்டு மாத்திரையும் ஸ்டீராய்டும்: நேரத்தை மாற்றுவது எப்படி?

ரமலான் பிறை தெரிவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதே மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் லெவோதைராக்சின் இருக்கிறதா, ப்ரெட்னிசோலோன் அல்லது ஹைட்ரோகார்ட்டிசோன் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டையும் காலையில் சாப்பிடுவதால் பலரும் இரண்டுக்கும் ஒரே கணக்குப் போடுகிறார்கள். அது தவறு, ஸ்டீராய்டு விஷயத்தில் ஆபத்தும்கூட.

லெவோதைராக்சின் உடம்பில் மெல்லத்தான் குறையும். பாதியளவு வெளியேறவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகிறது. அதனால் அதைக் காலையிலிருந்து இரவுக்கு மாற்றலாம். ஒரு நாள் தவறினாலும் பெரும்பாலானவர்களுக்குக் கேடு வராது. அது கேட்பது வெறும் வயிறு ஒன்றைத்தான். ஸ்டீராய்டு அப்படியல்ல. தினமும் 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ ப்ரெட்னிசோலோனை நான்கு வாரத்துக்கு மேல் சாப்பிட்டு வந்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரையைத் திடீரென்று விட்டால் உடம்புக்குத் தேவையான கார்ட்டிசோலைத் தர ஆளில்லை. ஆகவே தைராய்டு மாத்திரையின் நேரத்தைத் தாராளமாக நகர்த்தலாம். ஸ்டீராய்டை ஒரு வேளைகூட விடக் கூடாது.

தைராய்டு மாத்திரைக்கு ரமலானில் இரண்டு இடங்கள் பொருந்தும். ஒன்று, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது. மற்றொன்று, சஹருக்கு எழுந்தவுடன், சாப்பிடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. இரண்டிலும் வெறும் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும். டீ, காபி, பால் கூடாது. நோன்பு திறக்கும்போது மாத்திரையைப் போட்டுவிட்டு அரை மணி காத்திருப்பதும் ஒரு வழிதான். ஆனால் பகல் முழுவதும் பட்டினி கிடந்தவர், கஞ்சியும் பேரீச்சம்பழமும் எதிரே இருக்க, வீடே உட்கார்ந்து சாப்பிடும்போது தான் மட்டும் காத்திருப்பது மாதம் முழுக்க நடக்காது. நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

ஓர் உதாரணத்தை நேரத்தோடு பார்ப்போம். காயல்பட்டினத்தில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். தைராய்டுக்கு 75 மைக்ரோகிராம், மூட்டுவாதத்துக்குக் காலையில் ப்ரெட்னிசோலோன் 5 மில்லிகிராம், எலும்பு தேயாமலிருக்க ஒரு கால்சியம் மாத்திரை. நோன்பு வைக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மார்ச் மாதத்தில் அங்கே மாலை ஆறரை மணியளவில் நோன்பு திறப்பார்கள், காலை ஐந்து மணியளவில் சஹர் முடிந்துவிடும். தராவீஹ் முடிந்து அவர் சாப்பிட ஒன்பதேகால் ஆகிறது. இரவு மாத்திரை என்றால் பன்னிரண்டேகால் வரை விழித்திருக்க வேண்டும். அது அவருக்கு ஆகாது.

ஆனால் சஹர் சமைக்க மூன்றரைக்கு எழுபவர் அவர்தான். எழுந்தவுடன், அடுப்பைப் பற்றவைக்கும் முன் தைராய்டு மாத்திரையை அரைத் தம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிடலாம். சமையல் முடிந்து நாலேகாலுக்குச் சோற்றில் கை வைக்கும்போது முக்கால் மணி ஆகியிருக்கும். அந்தச் சாப்பாட்டோடு ப்ரெட்னிசோலோன். உணவோடு சாப்பிட்டால் வயிறு எரியாது, உடம்பின் சொந்தக் கார்ட்டிசோல் கூடுகிற விடியல் நேரமும் அதுதான். கால்சியத்தை மட்டும் சஹரில் வைக்கக் கூடாது. அது தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எனவே அது ஒன்பதேகால் சாப்பாட்டோடு. இரும்புச்சத்து மாத்திரைக்கும், நோன்பு திறந்தபின் பலர் குடிக்கும் வயிற்றெரிச்சல் மருந்துக்கும் இதே விதிதான்.

அதே வீட்டில் நாலரைக்கு எழுப்பினால்தான் எழும் மகனுக்கும் தைராய்டு இருந்தால், அவர் நள்ளிரவு வரை விழித்திருப்பவராகத்தான் இருப்பார். அவருக்குப் படுக்கை நேரம் சரி. காலையிலிருந்து இரவுக்கு மாறும்போது, நோன்புக்கு முந்தைய நாள் வழக்கம்போல் காலையில் சாப்பிட்டுவிட்டு, அடுத்த மாத்திரையை முதல் நோன்பன்று இரவு சாப்பிட்டால் போதும். இடைவெளி நீள்கிறதே என்று பயப்பட வேண்டாம். கர்ப்பிணிகளும் தைராய்டு புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது.

ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம் போன்றவற்றில் சிக்கல் குறைவு. தைராய்டு மாத்திரைக்கு விரதத்தன்று காலை வயிறுதான் உகந்தது. பால் பழ விரதத்தில் எழுந்ததும் பால் குடித்துவிடுகிறார்கள், அங்கேதான் மாத்திரை வீணாகிறது. மாத்திரை முதலில், ஒரு மணி கழித்துப் பால். தண்ணீர்கூட அருந்தாதவர்கள் முந்தின இரவே போட்டுக்கொள்ளலாம். விரதத்தைக் கெடுக்காத எட்டில் மருந்தும் ஒன்று என்று தர்ம சாஸ்திரமே சொல்லும்போது, ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்குவதில் தயங்க ஒன்றுமில்லை. ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் தண்ணீரில்லா விரதம் இருக்கக் கூடாது. காலை எட்டு மணிக்கு வாழைப்பழமும் பாலும் சாப்பிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு விரதத்தைத் தொடரலாம்.

இனி, நோன்பே வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள். அட்ரினல் சுரப்பியே பழுதாகி ஹைட்ரோகார்ட்டிசோனை நாளுக்கு இரண்டு மூன்று முறை சாப்பிடுபவர்கள் தாமாக நோன்பு வைக்கக் கூடாது. அந்த மருந்து சில மணி நேரத்தில் கரைந்துபோகும், மதிய வேளையைத் தவறவிட்டால் மாலைக்குள் உடம்பு தளர்ந்துவிடும். சிலருக்கு மருத்துவர் அதற்குப் பதிலாக நீண்ட நேரம் நிற்கும் ப்ரெட்னிசோலோனைச் சஹரோடு ஒரே வேளையாகத் தருவார். இந்த மாற்றத்தை ரமலானுக்கு முன்பே செய்து, ஓரிரு நாள் நோன்பு வைத்துப் பார்த்துவிட வேண்டும். அண்மையில் ஒருமுறை அட்ரினல் நெருக்கடியில் மருத்துவமனையில் சேர்ந்தவருக்கும், ஸ்டீராய்டோடு இன்சுலினும் போடுபவருக்கும் நோன்பு பெரும்பாலும் ஒத்துவராது. நோயாளி நோன்பைப் பிறகு வைக்கலாம் என்று திருக்குர்ஆனே இடம் தருகிறது.

நோன்பின் நடுவே எழுந்து நின்றால் கண் இருட்டுவது, தொடர்ந்து குமட்டல், வயிற்றுவலி, வழக்கமில்லாத மயக்கம் அல்லது குழப்பமான பேச்சு: ஸ்டீராய்டு சாப்பிடுபவரிடம் இவற்றில் எது தெரிந்தாலும் மாலை வரை பார்க்காதீர்கள். உடனே நோன்பை முறித்து, விழுங்கும் நிலையில் இருந்தால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் மருத்துவர் முன்பே சொல்லியிருக்கும் கூடுதல் மாத்திரையும் கொடுத்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். காய்ச்சல் வந்தால் அன்று நோன்பு இல்லை. மருத்துவர் முன்பே சொல்லியிருக்கும் கணக்குப்படி மாத்திரையைக் கூட்ட வேண்டும், பொதுவாக இரட்டிப்பார்கள். மாத்திரையை வாந்தியெடுத்து, மறுபடி கொடுத்ததும் வெளியே வந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஸ்டீராய்டு சாப்பிடுபவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தாமதமாகக் கூடாது.

தைராய்டுக்கு ஆபத்து இப்படித் திடீரென்று வராது. மாதக் கடைசியில் அசதி, மலச்சிக்கல், முகம் உப்பியது போன்ற தோற்றம் என்று மெல்லத் தெரியும். ரமலான் முடிந்தவுடன் டிஎஸ்எச் பார்த்தால் பலருக்குச் சற்றுக் கூடியிருக்கும். அப்போது மருத்துவரிடம், நோன்பு மாதத்தில் மாத்திரை நேரம் மாறியிருந்தது என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அளவைக் கூட்டிவிடுவார்கள், பழைய நேரத்துக்குத் திரும்பியதும் அந்தக் கூடுதல் அளவு படபடப்பாக வந்து நிற்கும். அளவை மாற்றாமல் பழைய நேரத்தில் ஆறு வாரம் சாப்பிட்டு, அதன்பின் பரிசோதிப்பதே சரி.