கிக் அடிக்கிற இடத்துல பேஸ்

பேண்ட் பிராக்டிஸ்ல பேஸ் வாசிக்கிறவர் பெரும்பாலும் கிட்டார்காரரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்க வேண்டியது டிரம்மரின் வலது காலை. கிக் டிரம்மை மிதிக்கிற கால் அதுதான்.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். ஏ மைனர், எஃப், சி, ஜி என்று பாருக்கு ஒரு கார்டு. வேகம் நிமிஷத்துக்கு 100 பீட். கிக் 1-லயும், 3-லயும், மூணுக்கும் நாலுக்கும் நடுவுலயும் விழுது. ஸ்நேர் 2, 4-ல. முதலில் ரூட்டை மட்டும், கிக் விழும் அந்த மூணு இடத்தில் மட்டும் வாசிங்க. ஒரு பீட் 600 மில்லிசெகண்ட். அதில் நாற்பது, ஐம்பது தள்ளிப்போனாலே கிக்கும் பேஸும் ஒரே அடியாகக் கேட்காமல் ரெட்டை அடியாகக் கேட்கும். வாசிக்கும்போது இது தெரியாது. போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேட்டால் தெரிஞ்சிடும்.

ஆரம்பத்தை விட நோட்டை எங்கே நிறுத்துறோம் என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. முதல் பீட்டில் வாசிச்ச நோட்டை, ஸ்நேர் விழும்போது இடது கை விரலை லேசாகத் தூக்கி நிறுத்திப் பாருங்க. ஸ்நேர் சத்தம் திடீர்னு பெருசானது போலக் கேட்கும். டிரம்மர் ஒண்ணும் ஓங்கி அடிச்சிருக்க மாட்டார்.

இது செட் ஆன பிறகு ஃபிஃப்த். ஈ ஸ்ட்ரிங் 5-ஆம் ஃப்ரெட்டில் ஏ இருந்தால், அடுத்த ஸ்ட்ரிங் 7-ஆம் ஃப்ரெட்டில் அதன் ஃபிஃப்த். 55 ஹெர்ட்ஸுக்கு சுமார் 82.5, அதாவது 2:3. மேஜர், மைனர் ரெண்டுக்கும் இது ஒண்ணுதான், வித்தியாசம் தேர்டில் இருக்கு. அதனால் கார்டு மேஜரா மைனரா என்று குழம்பினாலும் ஃபிஃப்த் காப்பாத்தும். டிமினிஷ்ட் கார்டில் மட்டும் ஒரு ஃப்ரெட் குறைக்கணும், இல்லைன்னா கிட்டாரோடு உரசும்.

ஃபிஃப்தை முதல் பீட்டில் வைக்காதீங்க. கார்டே வேற மாதிரி கேட்கும். மூணாவது கிக்கில் வைங்க. ஏ மைனர் பாரில் அந்த இடத்தில் ஓப்பன் ஈ ஸ்ட்ரிங்கைத் தட்டினால், அடுத்த எஃப் ஒரு ஃப்ரெட் தள்ளித்தான் இருக்கு. வழுக்கிட்டுப் போய்ச் சேரும்.

அதே டிரிக்கை எஃப் பாரில் செஞ்சால் சொதப்பும். எஃப்-இன் ஃபிஃப்த் சி. அடுத்த கார்டும் சி. வரவேண்டியவர் முன்னாடியே வந்து உட்கார்ந்துட்டால் கார்டு மாறினது யாருக்கும் உறைக்காது. சி-யிலிருந்து ஜி-க்குப் போகும்போதும் இதே கதைதான். இந்த ரெண்டு பாரிலும் ரூட்டிலேயே இருங்க. ஜி பாரில் டி வாசிக்கலாம், அடுத்து வருவது ஏ என்பதால் பிரச்சனை இல்லை.