ஒரு வாடிக்கையாளர் குறைந்தால் தொழில் நிற்குமா? கடன் கேட்பதற்கு முன் ஒரு கணக்கு



நமது அறக்கட்டளைக்கு வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் மனுக்களில் ‘என்ன தொழில், யார் வாங்குவார்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பலரும் அதில் ஒரே ஒரு வரி எழுதுகிறார்கள். ‘இன்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்’, ‘இன்ன கடைக்காரர்’, ‘கல்யாண வீட்டார்’ என்பதோடு அந்தக் கட்டம் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரியில் இருப்பவர்கள் பாதியாகக் குறைந்தால் தவணை எங்கிருந்து வரும் என்பதை மனு எழுதும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு, கையில் உள்ள திறமையை வேறு யார் யார் விலை கொடுத்து வாங்குவார்கள் என்று பட்டியல் போடுவதுதான் அது.

அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த செய்தி நாம் அறிந்ததே. மக்காவில் இருந்த செல்வமும் பழகிய வாடிக்கையும் அங்கேயே நின்றுவிட்டன. ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். இவர்களோ துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று வாங்கத் தொடங்கினார்கள். வாடிக்கையாளர்கள் போனாலும் வாங்கி விற்கும் அறிவு அவர்களோடு வந்திருந்தது. அந்த அறிவுக்கு மதீனாச் சந்தையிலும் ஆள் இருந்தது.

இதை நம் வீடுகளில் மிகுதியாக உள்ள தையல் தொழிலில் வைத்துப் பார்ப்போம். கீழே வருவது எடுத்துக்காட்டுக்காகப் போட்ட கணக்கு. உங்கள் தெருவில் கூலி வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சகோதரி பவர் தையல் மெஷினும் ஓவர்லாக் மெஷினும் வாங்க 40,000 ரூபாய் கேட்கிறார். மாதம் 2,000 வீதம் 20 மாதத்தில் அடைப்பார். பக்கத்துத் தனியார் பள்ளியின் சீருடை தைப்பதுதான் அவருடைய திட்டம். பேன்ட், சட்டை சேர்ந்த ஒரு செட்டுக்குக் கூலி 450 ரூபாய். நூல், பட்டன், கேன்வாஸ், மின்சாரம் எல்லாம் 50 ரூபாய் போக 400 நிற்கும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை நாளுக்கு இரண்டு செட் தைத்தால் 150 செட். அதாவது 60,000 ரூபாய். வருடத் தவணை 24,000 போக வீட்டுக்கு மாதம் 3,000 கிடைக்கும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 150 செட்டும் ஒரே வாசலிலிருந்து வருகிறது.

முதல் படி: ஏன் குறையலாம்?

‘குறைந்தால்’ என்று பொதுவாக நினைத்தால் பதில் கிடைக்காது. காரணங்களைத் தனித்தனியாக எழுத வேண்டும். இந்தப் பள்ளிச் சீருடைக்கு மூன்று காரணங்கள் உண்டு. பள்ளி நிர்வாகமே ஒரு கம்பெனியிடம் மொத்தமாக ஆர்டர் கொடுத்துவிடலாம். கட்டணம் கட்ட முடியாத பெற்றோர் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றலாம். மூன்றாவது மெதுவாக வருவது: தமிழ்நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரியாக இரண்டு பிள்ளைக்கும் குறைவு என்று ஆகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எனவே பள்ளி வயதுப் பிள்ளைகள் மொத்தத்திலேயே குறைந்து வருகிறார்கள்.

இரண்டாம் படி: திறமைக்குப் பெயர் வையுங்கள்

‘சீருடை’ என்பது பொருள். அதற்குள் இருக்கும் வேலைகளைப் பிரித்து எழுதிப் பாருங்கள். சைஸ் பார்த்து ஒரே அளவில் பல துணிகளை வெட்டத் தெரியும். காலரும் பாக்கெட்டும் கோணாமல் வைக்கத் தெரியும். ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிக்கத் தெரியும். ஜிப், கொக்கி வைக்கத் தெரியும். சொன்ன தேதிக்கு மொத்தமாகக் கொடுக்கத் தெரியும். இப்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இந்த வேலையைக் காசு கொடுத்துச் செய்துகொள்பவர் வேறு யார் என்று எழுதுங்கள்.

அந்தச் சகோதரியின் பட்டியல் இப்படி வரலாம்: மதரஸாப் பிள்ளைகளின் ஜுப்பா, இன்னொரு தனியார் பள்ளி, கிளினிக் ஊழியர்களின் சீருடை, புர்கா விற்கும் கடை, ஆல்ட்டரேஷன் வேலை, அரசுப் பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவு சங்கம், சொந்தக்காரர்கள்.

மூன்றாம் படி: ஒரே காரணத்தால் விழுபவர்களை அடியுங்கள்

பட்டியலில் ஏழு பேர் இருக்கிறார்கள் என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. முதல் வாடிக்கையாளரைக் குறைக்கும் அதே காரணம் இவர்களையும் குறைக்குமா என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். இன்னொரு தனியார் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பள்ளி கம்பெனிக்குக் கொடுத்துவிட்டால் இது கைகொடுக்கும். ஆனால் பிள்ளைகளே குறைந்தால் இரண்டும் சேர்ந்தே குறையும். மதரஸா ஜுப்பாவும் அப்படித்தான். 2020இல் பள்ளிகளும் மதரஸாக்களும் ஒரே மாதத்தில் மூடப்பட்டன. இரண்டையும் நம்பியிருந்தவருக்கு அன்று இரண்டு வாடிக்கையாளர் இருந்தும் பயனில்லை. அப்போது பல தையல் வீடுகள் முகக்கவசம் தைத்துச் சமாளித்தன. திறமைக்கு வேறு ஆள் உண்டு என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அந்தத் தேவையும் சீக்கிரமே போய்விட்டது. தற்காலிகமாக வரும் வாடிக்கையாளரை நம்பி 20 மாதத் தவணை போட முடியாது.

இதற்கு நேர் எதிரானது கூட்டுறவு சங்கம். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சத்துணவுத் திட்டத்தில் உள்ள 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை இலவசமாகக் கிடைக்கிறது. சமூக நலத்துறையின் கீழ் உள்ள மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்களின் உறுப்பினர்கள் அவற்றைத் தைக்கிறார்கள். பிள்ளைகள் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறினால் இங்கே வேலை கூடும். ஒரு பக்கம் இறங்கும்போது மறுபக்கம் ஏறும் இப்படி ஒருவர் பட்டியலில் இருப்பது மிக நல்லது. உறுப்பினர் ஆவதற்கான விதிகளை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டு அறியலாம். உறுப்பினர் ஆகும் வரை அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நான்காம் படி: உண்மையில் வாங்குவார்களா?

மீதமுள்ள ஒவ்வொருவரிடமும் தைத்த மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். இப்போது யார் தைத்துத் தருகிறார்கள்? ஒரு உருப்படிக்கு என்ன கொடுக்கிறீர்கள்? எத்தனை நாளில் பணம் தருவீர்கள்?

‘கொண்டு வாம்மா, பார்க்கலாம்’ என்று சொல்பவரை எழுத வேண்டாம். விலை சொன்னவரை எழுதுங்கள். சொந்தக்காரர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியிலேயே பட்டியலை விட்டுப் போய்விடுவார்கள். அன்பு இல்லாமல் அல்ல, அவர்களிடம் கூலி கேட்க நமக்குத்தான் வாய் வராது. மூன்றாவது கேள்வியும் முக்கியம். கடைக்காரர் இரண்டு மாதம் கழித்துப் பணம் தருவார் என்றால், அந்த இரண்டு மாதத் தவணைக்கு வேறு வழி பார்த்துவைக்க வேண்டும்.

அந்த வேலைக்குத் தனியாக என்ன கற்க வேண்டும் என்பதையும் இங்கேயே பாருங்கள். புர்காத் துணி சீருடைத் துணியைப் போல நிற்காது, வழுக்கும். ஊசி மெல்லியதாக வேண்டும். வெட்டும்போது பின் குத்தி நிறுத்த வேண்டும். சீருடை நன்றாகத் தைப்பவருக்கும் முதல் சில புர்காக்களில் விளிம்பு ஏறி இறங்கிப் போகும். அந்தப் பழக்கத்துக்கு ஒரு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கூட்டிப் பாருங்கள்

விலை சொன்னவர்கள் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆல்ட்டரேஷன் வாரத்துக்கு ஐந்து உருப்படி, ஒன்றுக்குச் செலவு போக 50 ரூபாய். வருடத்தில் 48 வாரத்துக்கு 12,000. புர்காக் கடை மாதம் பத்து, ஒன்றுக்கு 100 நிற்கும். வருடம் 12,000. கிளினிக்கில் 12 ஊழியர்கள், ஆளுக்கு வருடம் இரண்டு செட், செட்டுக்கு 400. அது 9,600. மொத்தம் 33,600 ரூபாய்.

இப்போது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சீருடை பாதியாகக் குறைந்தால் 30,000 குறையும். மற்ற மூவரும் அதை ஈடு செய்வார்கள். சீருடை முழுவதும் நின்றுபோனால் 33,600தான் வரும். தவணை 24,000 கட்டலாம், ஆனால் வீட்டுக்கு மாதம் 800 ரூபாய்தான் மிஞ்சும். ஆக இந்தத் தொழில் பாதிக் குறைவைத் தாங்கும். முழுக் குறைவில் கடன் அடையும், வீடு திணறும். இதைத் தெரிந்துகொண்டு கடன் வாங்குபவர் தொகையைச் சற்றுக் குறைத்தோ, தவணை மாதங்களைக் கூட்டியோ கேட்கலாம். ஓவர்லாக் மெஷினைப் பழையதாக வாங்கலாம்.

கைகளின் அளவையும் மறக்க வேண்டாம். பெருநாள் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே வருகிறது. 2021இல் நோன்புப் பெருநாள் மே நடுவில் வந்தது. புர்கா வேலையும் சீருடை வேலையும் ஒரே நேரத்தில் மோதின. 2025இல் மார்ச் கடைசிக்கு வந்துவிட்டது. இனி வரும் சில ஆண்டுகளில் ரமலான் வேலை முடிந்த பிறகே பள்ளி வேலை தொடங்கும். அதனால் இரண்டையும் ஒருவரே செய்யலாம்.

கடைசியாக மெஷின் விஷயம். இந்தப் பட்டியலில் உள்ள எல்லா வேலையையும் சாதாரண பவர் மெஷினும் ஓவர்லாக்கும் செய்யும். காஜா மட்டும் எடுக்கும் தனி மெஷினைக் கடனில் வாங்கினால், அது முக்கியமாகச் சட்டை வேலைக்கே உதவும். சீருடை குறையும் நாளில் அதுவும் சும்மா நிற்கும். கடன் பணத்தில் வாங்கும் கருவி, பட்டியலில் குறைந்தது இரண்டு பேரின் வேலைக்காவது உதவ வேண்டும்.

தையலுக்குப் பதில் சமையலோ, வண்டி ஓட்டுவதோ, மின்வேலையோ எதுவானாலும் இந்த ஐந்து படிகளையும் ஒரு தாளில் எழுதி மனுவோடு கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் அலுவலகத்துக்கு வந்தால் உடன் உட்கார்ந்து எழுதித் தருகிறோம். நீங்கள் அடைக்கும் தவணைதான் அடுத்த வீட்டுக்குக் கடனாகப் போகிறது. எனவே இந்தக் கணக்கில் உங்கள் வீட்டோடு இன்னொரு வீட்டின் முறையும் இருக்கிறது. அல்லாஹ் நம் அனைவரின் ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

— செயலாளர்