காப்பாற்றப் போனவருக்கு ஆபத்து வந்தால் பணம் யார் தரணும்?

வாசகர்களே, 2022 ஜனவரி 21 அன்று மதுரை பழங்காநத்தம் நேரு நகரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அங்குள்ள கழிவுநீர் நீரேற்று நிலையத்தில் மோட்டார் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் தொட்டிக்குள் விழுந்தார். அவரைத் தூக்க இறங்கிய இருவரும் விஷவாயு தாக்கி மயங்கினார்கள். மூன்று பேருமே இறந்துபோனார்கள்.

இப்படி ஒரு செய்தி வந்தால் டீக்கடையில் உடனே ஒரு பேச்சு வரும்: "முதல்ல விழுந்தவருக்கு நஷ்டஈடு கொடுக்கலாம், சரி. பின்னாடி இறங்கினவங்க தானாத்தானே போனாங்க? அவங்களுக்கு யார் கொடுப்பாங்க?" சட்டம் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது.

கிணற்றில் இறங்கிய டாக்டர்

இங்கிலாந்தில் ஒரு பண்ணைக் கிணற்றைச் சுத்தம் செய்யும் வேலையை ஒரு கட்டுமான நிறுவனம் எடுத்திருந்தது. தண்ணீரை இறைக்கப் பெட்ரோல் இன்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓடவிட்டார்கள். இன்ஜின் புகை உள்ளே தேங்கி நின்றது. புகை போகும்வரை இறங்க வேண்டாம் என்று முதலாளி வாயால் சொன்னாரே தவிர, வேறு ஏற்பாடு செய்யவில்லை. இரண்டு தொழிலாளர்கள் இறங்கி மயங்கினார்கள். தகவல் கேட்டு வந்த டாக்டர் பேக்கர், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அவர்களைக் காப்பாற்ற இறங்கினார். அவரும் இறந்தார்.

"டாக்டர் ஆபத்து தெரிந்தே இறங்கினார், நாங்கள் பொறுப்பில்லை" என்று நிறுவனம் வாதாடியது. 1959-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒருவரை நீங்கள் ஆபத்தில் தள்ளினால், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் ஓடிவருவார் என்பது எதிர்பார்க்க வேண்டிய விஷயம்தான். ஓடிவந்தவருக்கும் நீங்கள் பொறுப்பு என்றது. டாக்டரின் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைத்தது.

நம் நாட்டில் கவனக்குறைவால் வரும் இழப்புக்கான சிவில் சட்டம் பெரும்பாலும் இங்கிலாந்துத் தீர்ப்புகளிலிருந்து வளர்ந்தது. அதனால் நம் வக்கீல்களும் இந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடலாம்.

மூன்று கேள்விகள்

முதல் கேள்வி, ஆபத்தை உண்டாக்கியது யாருடைய தவறு? யார் தவறும் இல்லாமல் நடந்த விபத்து என்றால், இந்த வழியில் யாரிடமும் பணம் கேட்க முடியாது.

இரண்டாவது, உண்மையிலேயே ஒருவர் ஆபத்தில் இருந்தாரா? 1933-ல் முடிந்த இன்னொரு இங்கிலாந்து வழக்கில், மிரண்டு ஓடிய குதிரை வயல்வெளிக்குள் போய் நின்றுவிட்டது. அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. வண்டிக்காரருக்கு உதவப் போனவருக்கு அடிபட்டது, ஆனால் அவர் தோற்றுப்போனார்.

மூன்றாவது, காப்பாற்றப் போனவர் நிதானமே இல்லாமல் நடந்தாரா? அவசரத்தில் எடுத்த முடிவை, பிறகு சாவகாசமாக உட்கார்ந்து குறைசொல்ல நீதிமன்றங்கள் விரும்புவதில்லை. ஆனாலும் அவர் பக்கம் கொஞ்சம் தவறு இருந்தால், அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

மேலூர் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிடுகிறார். அவர் முகக்கவசமோ கயிறோ இல்லாமல் ஒரு ஆளை இறக்குகிறார். ஆள் மயங்கி விழ, சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணன் இறங்கித் தூக்குகிறார். இருவரும் பிழைக்கிறார்கள். ஆனால் அண்ணனுக்கு நுரையீரல் பாதித்து எட்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை.

இங்கே தவறு தெளிவாக இருக்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை டேங்கில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே கான்ட்ராக்டர், வீட்டுக்காரர் இருவர் மீதும் அண்ணன் சிவில் வழக்கு போடலாம்.

அவருக்கு நாள் கூலி 600 ரூபாய், மாதம் 26 நாள் வேலை என்றால் மாதம் 15,600. எட்டு மாதத்துக்கு 1,24,800. மருத்துவச் செலவு 90,000. கூட்டினால் 2,14,800 ரூபாய். வலிக்கும் வருங்கால வருமான இழப்புக்கும் தனியாகக் கேட்கலாம். "அவர் மீதும் 20 சதவீதத் தவறு" என்று நீதிபதி முடிவு செய்தால், இதில் 42,960 குறைந்து 1,71,840 ரூபாய் கிடைக்கும்.

அவர் இறந்திருந்தால், மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்காக வழக்கு போடலாம். அதற்கு இறந்த நாளிலிருந்து இரண்டே ஆண்டுதான் கெடு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். போலீஸ் கேஸ் முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். கிரிமினல் கேஸ் வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டாம்.

இறங்கியவரும் அங்கே வேலை பார்ப்பவர் என்றால்

நேரு நகர் போல, காப்பாற்றப் போனவரும் சக தொழிலாளி என்றால் வழி சுலபம். வேலையின்போது நேர்ந்த விபத்து என்று தொழிலாளர் துறை அதிகாரியிடம் இழப்பீடு கேட்கலாம். முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. சாக்கடை மரணங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2014-ல் 10 லட்சம் ரூபாய் என்று சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம். இது சுத்தம் செய்யும் தொழிலாளர்களுக்காகப் போட்ட உத்தரவு. வெளியிலிருந்து ஓடிவந்தவருக்குப் பொதுவாக சிவில் வழக்குதான் வழி.

கையில் என்ன இருக்க வேண்டும்?

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே, "இன்னாரைக் காப்பாற்ற இறங்கும்போது வாயு தாக்கியது" என்று விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வெறும் "மயக்கம்" என்று எழுதிவிட்டால் பின்னால் சிக்கல். அந்தப் பதிவின் நகலை வாங்கி வையுங்கள். டேங்க், மூடி, அங்கே கருவி ஏதும் இல்லாத நிலை ஆகியவற்றை அன்றைக்கே போனில் படம் எடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவர் இலவசமாகப் பெறலாம். eservices.tnpolice.gov.in தளத்திலும் பார்க்கலாம்.

கான்ட்ராக்டர் தரப்பு வந்து, "இந்தப் பணத்தை வச்சுக்கோங்கம்மா, இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்றால் அவசரப்படாதீர்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் எழுதியிருக்கலாம். முதலில் 15100-க்குப் போன் செய்து சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் காட்டுங்கள். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார்.

தீர்ப்பு வந்தாலும் எதிராளியிடம் சொத்தோ பணமோ இருந்தால்தான் வசூலாகும். அதனால் கான்ட்ராக்டரோடு, வேலை கொடுத்தவரையும் வழக்கில் சேர்ப்பது முக்கியம்.

கடைசியாக, டேங்கில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கின் மணம் உணரும் திறனையே போக்கிவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்காதீர்கள். மேலேயிருந்து கயிறு போடுங்கள், 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்.