அழைப்பு இணைப்பு வழியாக ஒரு பெற்றோர் கூட்டம்

எட்டாம் வகுப்பில் 41 மாணவர்கள். வேலைக்காக வெளியூரில் தங்கியிருக்கும் பெற்றோர் பலர் பள்ளிக்கு வர இயலாததால், வாட்ஸ்அப் அழைப்பு இணைப்பின் மூலம் கூட்டம் நடத்துகிறேன். பெற்றோர் என் எண்ணைச் சேமித்திருக்க வேண்டியதில்லை. நானும் அவர்களின் எண்களைச் சேமிக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் இருந்தால் போதும்.

Calls பகுதியில் + குறியைத் தொட்டு, Schedule call என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைப்பு, நாள், நேரம், குரல் அழைப்பா காணொலி அழைப்பா என்பதைக் குறித்தால் இணைப்பு கிடைக்கும். நான் குரல் அழைப்பையே தேர்ந்தெடுக்கிறேன். டேட்டா குறைவாகச் செலவாகும். சிக்னல் மெலிந்த இடத்திலும் பேச்சு ஓரளவு தெளிவாகக் கேட்கும்.

ஒரு குழு அழைப்பில் 32 பேர் வரை மட்டுமே இணையலாம். ஆசிரியரும் அதில் ஒருவர் என்பதால் பெற்றோருக்கு 31 இடங்கள்தாம் உண்டு. ஆகவே வருகைப் பதிவேட்டில் முதல் 21 பேரின் பெற்றோருக்கு மாலை 7 மணி, மற்ற 20 பேரின் பெற்றோருக்கு 7.45 மணி எனப் பிரித்து, இரண்டு தனி இணைப்புகளை உருவாக்கினேன்.

அனுப்பும் முறையில் கவனம் தேவை. பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பினால், நம் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும், மற்றவர்களுக்குக் கிடைக்காது. எனவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புகிறேன். அறியாத எண்ணிலிருந்து வரும் இணைப்பு சில போன்களில் தொட்டாலும் திறக்காது. பதில் அனுப்பிய பிறகு திறக்கும். அதனால் முதலில், "8ஆம் வகுப்பு ஆசிரியர் பேசுகிறேன். சனிக்கிழமை மாலை கூட்டம். 'சரி' என்று பதில் அனுப்புங்கள்" என எழுதுகிறேன். பதில் வந்தபின் இணைப்பை அனுப்புகிறேன். பதில் வராதவர்களைச் சாதாரண அழைப்பில் தொடர்புகொள்கிறேன். யாருடைய எண் மாறியிருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடுகிறது.

குறித்த நேரத்தில் எல்லார் போனும் தானாக ஒலிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அவரவர் இணைப்பைத் தொட்டால்தான் உள்ளே வர முடியும். ஆகவே ஐந்து நிமிடம் முன்னதாக இணைந்துவிட்டு, வராதவர்களுக்கு இணைப்பை மீண்டும் அனுப்புகிறேன்.

சேமிக்கத் தேவையில்லை என்பதற்கு எண் மறைந்திருக்கும் என்று பொருளில்லை. அழைப்பில் இருப்பவர்கள் ஒருவர் எண்ணை மற்றவர் காணக்கூடும். தாய்மார் சிலருக்கு இது சங்கடமாக இருக்கலாம். அதை முன்கூட்டியே சொல்லி, விரும்பாதவர்களுடன் தனியாகப் பேசுகிறேன். இணைப்பு கைமாறினால் தொடர்பில்லாதவரும் நுழையலாம். எனவே தொடக்கத்தில் மாணவர் பெயரைச் சொல்லி, "யார் பேசுகிறீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்திற்குப் பழைய இணைப்பைப் பயன்படுத்துவதில்லை.

தேர்வு அட்டவணை, வருகை விதி போன்ற பொதுச் செய்திகளை மட்டுமே இதில் பேசுகிறேன். ஒரு மாணவரின் மதிப்பெண்ணையோ குடும்ப நிலையையோ அவருடைய பெற்றோரிடம் தனி அழைப்பில்தான் பேச வேண்டும்.