நேற்று 372, இன்று 398: கால் சென்டரில் எது மாற்றம்?

நம்பிக்கை: ஏ.எச்.டி. ஒரே நாளில் 26 நொடி ஏறினால் ஃப்ளோரில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது.

உண்மை: பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. ஒரு அழைப்பில் பேசுவது, ஹோல்டில் வைப்பது, முடிந்தபின் குறிப்பு எழுதுவது மூன்றும் சேர்ந்ததுதான் ஏ.எச்.டி. தினசரி சராசரி கொஞ்சம் ஆடத்தான் செய்யும். எவ்வளவு ஆடலாம் என்பதை அந்த எண்களே சொல்லும். 1924-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூவார்ட் வரைந்து காட்டிய கன்ட்ரோல் சார்ட் இதற்காகத்தான்.

20 வேலை நாள்களின் சராசரி 380 நொடி என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரு நாள்களுக்கிடையே உள்ள வித்தியாசங்களை, கூட்டல் கழித்தல் குறி பார்க்காமல், சராசரி எடுத்தால் 15 வருகிறது. அதை 2.66-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 40. ஆக, மேல் எல்லை 420, கீழ் எல்லை 340. இன்றைய 398 நடுவில்தான் இருக்கிறது. இதற்காக டீம் லீடர் ஏஜென்டுகளை நிற்கவைத்துக் கேட்டால், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அத்தனையும் கேள்விக்காகப் பிறந்த காரணங்கள். மறுநாள் எண் தானாக இறங்கும்போது, திட்டியது பலித்தது என்று வேறு நினைத்துக்கொள்வோம்.

நம்பிக்கை: வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் போட்ட 360 நொடியைத்தான் எல்லைக்கோடாகப் போடவேண்டும்.

உண்மை: 360 நம் ஆசை. 340-420 நம் வேலைமுறையின் குணம். முறையை மாற்றாமல் சராசரியை 360-க்கு இழுக்கச் சொன்னால், அழைப்பைப் பாதியில் வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

நம்பிக்கை: எல்லைக்குள் இருக்கும்வரை கவலையில்லை.

உண்மை: இதுதான் ஆளை ஏமாற்றும். அடுத்த எட்டு நாள்களின் எண்கள் இப்படி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம்: 386, 391, 388, 394, 385, 390, 387, 392. ஒன்றுகூட 420-ஐத் தொடவில்லை. ஆனால் எட்டு நாளும் சராசரிக்கு மேலே. காசைச் சுண்டி எட்டு முறையும் தலை விழ 256-இல் ஒரு வாய்ப்புதான். முந்தைய 398-ஐவிட இந்த அடக்கமான எட்டு எண்களுக்குத்தான் நான் பயப்படுவேன்.

இப்போது காரணம் தேடலாம். மூன்று பகுதிகளுக்கும் தனித்தனி சார்ட் போட்டுப் பாருங்கள். பேச்சும் ஹோல்டும் அசையாமல், குறிப்பு எழுதும் நேரம் மட்டும் ஏறியிருந்தால், அந்த எட்டில் முதல் நாளன்று மென்பொருளில் என்ன மாறியது என்று கேளுங்கள். கட்டாயம் நிரப்பவேண்டிய புதுக் கட்டம் ஒன்று திரையில் முளைத்திருக்கலாம். அதை எடுக்க முடியாதென்றால், அந்த நாளிலிருந்து போதிய நாள்கள் சேர்ந்ததும் எல்லைகளைப் புதிதாகக் கணக்கிடவேண்டும்.

ஒரு எச்சரிக்கை: திங்கட்கிழமை ஏ.எச்.டி. எப்போதுமே கூடுதலாக வரும் இடமென்றால், திங்களைத் தனி சார்ட்டில் வையுங்கள். கலந்து போட்டால் நாள்களுக்கிடையே வித்தியாசம் பெருத்து, எல்லைகள் அகன்று, உண்மையான மாற்றமும் உள்ளே ஒளிந்துகொள்ளும்.